கொக்கி கீழே தொங்க வேண்டும்

காலை 5.45 மணிக்கு எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு கேட் திறக்கும். முதலில் லேப்ரடார் பாயும், பின்னால் அக்கா வருவார். இடையில் இருக்கும் கயிறு முறுக்கேறி விறைத்து நிற்கும். கழுத்துப் பட்டை தொண்டையை அழுத்துவதால் நாய் கர்ர், கர்ர் என்று மூச்சு இழுக்கும் சத்தம் என் வீட்டு வாசல்வரை கேட்கும். அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போவார். ஒரு மழைநாள் காலையில் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் என்னிடம் பேச்செடுத்தார்.

“இவன் ஏன் தம்பி இப்படி இழுக்கிறான்? அதட்டியும் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். ஒருத்தர் சங்கிலி வாங்கிப் போடச் சொன்னாரு. அதுலயும் இழுக்கத்தான் செய்யுறான்.”

அந்த நாயின் பெயர் ஜிம்மி. வயது 14 மாதம், எடை 30 கிலோ. வீட்டுக்குள் சொன்னபடி கேட்கும் பிள்ளை. ஜிம்மியைப் பழக்கிய கதையை வைத்தே இந்த விஷயத்தைச் சொல்கிறேன். இழுக்கும் நாய் வைத்திருப்பவர்கள் கேட்கும் எல்லாக் கேள்வியும் அந்தக் கதைக்குள் வந்துவிடுகின்றன.

முதல் கேள்வி, ஏன் இழுக்கிறது என்பது. “தான்தான் தலைவன்னு காட்டுது, நீங்க முன்னால நடந்து அதை அடக்கணும்” என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கருத்து, வேலிக்குள் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை 1940களில் கவனித்து எழுதியதிலிருந்து கிளம்பியது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பம்தான் என்பதை டேவிட் மீச் என்ற ஆய்வாளர் 1999இல் விளக்கி எழுதினார். தலைமைக் கருத்தைத் தன் பழைய புத்தகத்தின் மூலம் பரப்பியவர்களில் அவரும் ஒருவர், பிறகு அவரே அதைத் திருத்திக்கொண்டார். குப்பைத் தொட்டியை நோக்கி ஓடும் ஜிம்மிக்கு அக்காவின் பதவி மேல் ஆசை எதுவும் இல்லை. அதற்கு வேண்டியது அந்தக் குப்பைத் தொட்டி.

விஷயம் அதைவிட எளிமையானது. நாயின் இயல்பான நடை நம் நடையைவிட வேகமானது. அது நம் பக்கத்தில் நடப்பதே தன் வேகத்தை அடக்கிக்கொண்டுதான். அதோடு, தெரு முழுவதும் வாசனை. நேற்று இரவு எந்த நாய் வந்தது, எந்த வீட்டில் மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டினார்கள் என்பதெல்லாம் அதற்கு மூக்கில் தெரிகிறது. பார்த்ததை நோக்கி, மோப்பம் பிடித்ததை நோக்கி அது போகிறது. கயிறு விறைக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? “டேய், மெதுவா போடா” என்று சொல்லிக்கொண்டே அதன் பின்னால் போகிறோம். நாய் போய்ச் சேர நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதில் நாய் கற்றுக்கொள்வது ஒரே ஒரு பாடம்: இழுத்தால் போகலாம். பலன் கிடைத்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பதை எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளைக் கூண்டில் வைத்து 1898லேயே காட்டிவிட்டார். நாய்க்கும் அதே கணக்குத்தான். ஒவ்வொரு காலையும் அரை மணி நேரம், இழுப்புக்கு நாமே கூலி கொடுக்கிறோம். அந்தக் கூலி பிஸ்கட் இல்லை. முன்னால் எடுத்து வைக்கும் அடுத்த அடிதான் கூலி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாலு நாள் இழுக்க விடாமல் நின்றுவிட்டு, ஐந்தாம் நாள் அவசரத்தில் இழுபட்டுப் போனால் பழைய நிலைமைக்குத் திரும்புவோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைவிட மோசமாகும். எப்போதாவது மட்டும் மீன் சிக்கும் குளத்தில் தூண்டில் போடுபவர் சீக்கிரம் எழுந்து போக மாட்டார். எப்போதாவது மட்டும் பலிக்கும் இழுப்பும் அப்படித்தான், தினமும் பலித்த இழுப்பைவிட அதை விட வைப்பது கடினம். “நின்னு பாத்தேன் தம்பி, ஒண்ணும் நடக்கல” என்று அக்கா சொன்னதற்கு இதுதான் காரணம். அவர் நின்றது உண்மை. ஞாயிற்றுக்கிழமை பால் பாக்கெட் வாங்க நாயைக் கூட்டிப் போன மகன் நிற்கவில்லை.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இழுக்கும் நாய்க்கு வெறும் கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டுவது நல்லதல்ல. பட்டையில் கயிறு கட்டி நாய் இழுக்கும்போது அதன் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடுவதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. உடம்பில் மாட்டும் ஹார்னஸில் இழுத்தபோது அப்படிக் கூடவில்லை. பிரிட்டனில் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் நாயின் கழுத்து போன்ற மாதிரி ஒன்றில் பலவகைப் பட்டைகளை மாட்டி இழுத்துப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அகலப் பட்டை, மெத்தை வைத்த பட்டை எல்லாம் சோதித்தும், இழுக்கும் நாய்க்குப் பாதுகாப்பானது என்று எதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை. பட்டை கழுத்தில் இருக்கட்டும், பெயரும் போன் நம்பரும் பொறித்த வில்லையை மாட்ட அது வேண்டும். கயிற்றை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.

இறுகும் சங்கிலியும் உள்பக்கம் முள் வைத்த பட்டையும் ஏன் வேண்டாம்? சில நாய்களிடம் அவை இழுப்பை நிறுத்தத்தான் செய்கின்றன. வலிக்கிறது என்பதால் நிற்கிறது, பக்கத்தில் நடப்பது நல்லது என்று கற்றுக்கொண்டதால் அல்ல. கெடுதல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எதிரே இன்னொரு நாய் வருகிறது, ஜிம்மி ஆசையாகப் பாய்கிறது, கழுத்தில் சுரீர் என்கிறது. அடுத்த முறையும் அப்படியே. பத்து முறை நடந்தால், நாய் வந்தால் கழுத்து வலிக்கும் என்று அது முடிவுகட்டிக்கொள்ளும். விளையாடப் பாய்ந்த நாய், சில மாதங்களில் கடிக்கப் பாயும் நாயாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அக்காவிடம் முதலில் சொன்னது, அந்தச் சங்கிலியைக் கழற்றி உள்ளே வையுங்கள் என்பதைத்தான்.

பொத்தானை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் கயிறும் இந்த வேலைக்கு ஆகாது. அது எப்போதும் லேசான இழுவிசையில் இருக்கும், நாய் இழுத்தால்தான் நீளும். நாம் கற்றுத்தர வேண்டியதற்கு நேர் எதிரான பாடத்தை அந்தப் பெட்டியே கற்றுத் தருகிறது.

வாங்க வேண்டியது 6 அடி நீளமுள்ள சாதாரண நாடா அல்லது பருத்திக் கயிறு, முதுகில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றுமாக இரண்டு வளையம் உள்ள ஹார்னஸ். முதுகு வளையத்தில் கயிறு மாட்டினால் நாய் முழு உடம்பையும் கொடுத்து இழுக்கலாம். பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்கு அப்படித்தான் மாட்டுகிறார்கள். நெஞ்சு வளையத்தில் மாட்டினால், இழுக்கும்போது உடம்பு நம் பக்கமாகத் திரும்பிவிடும். பாதி பலம் அங்கேயே போய்விடும். ஆனால் ஹார்னஸ் மாட்டியதாலேயே நாய் பழகிவிடாது. நாம் விழாமல் இருக்க அது உதவும், பழக்கும் வேலை தனி.

அந்த வேலை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். “இழுத்தால் மரம் போல நில்லுங்கள், கயிறு தளர்ந்ததும் நடங்கள்” என்று எல்லோரும் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் அது பாதிதான். இழுத்தால் போக முடியாது என்று அது நாய்க்குச் சொல்கிறது. எங்கே இருந்தால் போகலாம் என்பதை அது சொல்லவில்லை. நாய்க்குக் கயிற்றின் நீளமே தெரியாது. 6 அடிக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது நமக்குத் தெரிந்த விதி. அது தெரியாத நாய் முன்னால் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, பிறகு எரிச்சலாகிக் குரைக்கிறது, கயிற்றைக் கடிக்கிறது. பழக்கம் உருவாவது கயிறு விறைத்த நிமிடத்தில் அல்ல, தளர்ந்திருக்கும் நிமிடத்தில். நம் கவனமும் கூலியும் போக வேண்டியது அங்கேதான்.

தளர்வு என்றால் என்ன என்பதை நாய்க்கு முன் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். கயிற்றின் முனையில் நாய் பக்கம் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். அதைப் பாருங்கள். கயிறு தொய்வாக இருந்தால் கொக்கி கீழே தொங்கி, ஊஞ்சல் போல ஆடும். விறைக்கத் தொடங்கினால் முதலில் கொக்கிதான் படுக்கைவாட்டில் நிமிரும். கைக்கு இழுப்பு உறைப்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே கண்ணுக்கு அது தெரிந்துவிடும். அக்கா இரண்டு நாள் நாயைப் பார்க்காமல் கொக்கியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். “நானேதான் தம்பி இழுத்துப் பிடிச்சிருக்கேன்” என்றார் மூன்றாம் நாள். பயத்தில் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குட்டையாகப் பிடிப்பது அவர் வழக்கம். அவ்வளவு குட்டையாகப் பிடித்தால் நாய் எங்கே நின்றாலும் கயிறு விறைத்துத்தான் இருக்கும், தளர்வு எப்படியிருக்கும் என்பதே அதற்குத் தெரியாமல் போகும். சுற்றுவதை விட்டுவிட்டுக் கயிற்றின் காதை வலது கையில் மாட்டி, அந்தக் கையை இடுப்பு அருகே அசையாமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கை முன்னே பின்னே நீண்டால் கயிற்றின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும், நாய்க்குக் கணக்குப் பிடிபடாது.

கூலியாக உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி. ஒரு துண்டு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். 100 கிராம் கறியில் 100 துண்டுக்கு மேல் வரும், ஒரு நாளைக்குத் தாராளம். அந்த அளவுக்கு இரவுச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ள வேண்டும், லேப்ரடார் சட்டென்று உடம்பு போட்டுவிடும்.

முதல் மூன்று நாள் ஜிம்மி தெருவுக்கே போகவில்லை. கயிறும் இல்லை. மொட்டை மாடியில் அக்கா சும்மா நடப்பார். ஜிம்மி எப்படியும் கறி வாசனைக்குப் பின்னாலேயே வரும். அவரது இடது காலுக்குப் பக்கத்தில் அது வந்த அந்தக் கணமே “சபாஷ்” என்று ஒரு சொல், உடனே ஒரு துண்டு. ஒரு அடி, ஒரு துண்டு. ஒரு அடி, ஒரு துண்டு. சபாஷ் என்ற சொல்லைத் தேர்ந்ததற்குக் காரணம், நாம் வீட்டில் நாள் முழுக்க அதைச் சொல்வதில்லை. “சரி” என்று வைத்தால் போனில் பேசும்போதெல்லாம் நாய் திரும்பிப் பார்க்கும்.

துண்டை எங்கே கொடுக்கிறோம் என்பதில் நுணுக்கம் இருக்கிறது. அக்கா முதலில் கையை முன்னால் நீட்டிக் கொடுத்தார். ஜிம்மி கறியை வாங்க முன்னால் வந்தது, பிறகு முன்னாலேயே நின்றது. சாப்பாடு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நாய் நிற்கும். கையை இடது தொடையின் ஓரமாக, சுடிதாரின் பக்கத் தையல் மேல் ஒட்டினாற்போல் வைத்து, கொஞ்சம் பின்தள்ளிக் கொடுக்கச் சொன்னேன். அன்றே ஜிம்மியின் தலை தொடைக்கு நேராக வந்துவிட்டது. இந்த ஒரு மாற்றம் பத்து நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

நான்காம் நாள் கேட். கயிற்றை எடுத்ததும் ஜிம்மி குதிக்கத் தொடங்கிவிடும், அந்த வேகத்தோடுதான் தெருவில் இறங்கும். இனி கேட்டைத் திறக்கும் சாவி தளர்ந்த கயிறு என்று முடிவு செய்தோம். கயிறு விறைத்தால் தாழ்ப்பாளிலிருந்து கை விலகும். தளர்ந்தால் கை தாழ்ப்பாளுக்குப் போகும். அதட்டல் இல்லை, பேச்சே இல்லை. முதல் நாள் கேட்டைத் தாண்ட 11 நிமிடம் ஆனது. அக்காவுக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் 6 நிமிடம். ஒரு வாரத்தில், கொக்கி தொங்கியபடி வாசலில் நிற்பது அதற்குப் பழகிவிட்டது.

தெருவில் இறங்கியதும் முதல் தடங்கல். ஜிம்மி கறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய்க்கு அருகே கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. “கொழுப்பு தம்பி” என்றார் அக்கா. கொழுப்பு இல்லை. மொட்டை மாடியில் அள்ளித் தின்ற அதே கறியைத் தெருவில் நாய் தொடவில்லை என்றால், அந்த இடம் அதற்கு இப்போது தாங்கவில்லை என்று பொருள். பரபரப்போ பயமோ மேலே போய்விட்டது, அந்த நிலையில் எதுவும் மண்டையில் ஏறாது. செய்ய வேண்டியது, திரும்பி வந்துவிடுவது. நாங்கள் கேட்டுக்கு உள்ளேயே, தெரு தெரியும்படி நின்று இரண்டு நாள் வேலை செய்தோம். கறியை வாங்கத் தொடங்கிய பிறகு வாசலிலிருந்து முதல் மின்கம்பம்வரை மட்டும். போய்த் திரும்பு, போய்த் திரும்பு, 10 நிமிடம், அவ்வளவுதான் வாக்கிங். தூரத்தைப் பற்றி அக்காவுக்குக் கவலை இருந்தது, உடற்பயிற்சி போதாதே என்று. அதற்கு மொட்டை மாடியில் பந்து எறிந்தார். நாய்க்கு மூக்கு வேலை கொடுத்தாலும் நன்றாகக் களைக்கும். கறித் துண்டுகளைப் பழைய துணிக்குள் சுருட்டி வைத்துத் தேட விட்டார்.

இரண்டாம் வாரம் நல்ல முன்னேற்றம் போலத் தெரிந்தது, ஆனால் அதில் ஒரு கோளாறு ஒளிந்திருந்தது. ஜிம்மி கயிற்றின் முனைவரை ஓடும், அக்கா நிற்பார், ஜிம்மி தானாகத் திரும்பி ஓடி வந்து தொடையருகே நின்று அண்ணாந்து பார்க்கும், அக்கா சபாஷ் சொல்லிக் கறி கொடுப்பார். உடனே மறுபடி ஓட்டம். பார்க்க அழகாக இருந்தது. உண்மையில் இழு, திரும்பு, தின்னு என்ற மூன்றையும் சேர்த்து ஒரே வித்தையாக அது கற்றுக்கொண்டிருந்தது. இழுப்பு இப்போது கறிக்கான முதல் படியாகிவிட்டது. நின்று பார்க்கும் முறையைக் கையாள்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள், மாதக்கணக்கில் சிக்கியிருக்கிறார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: கொடுத்த கறித் துண்டுகளில் எத்தனை, கயிறு விறைத்துத் தளர்ந்த பிறகு கொடுத்தவை என்று எண்ணிப் பாருங்கள். அக்காவின் கணக்கில் கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான் இருந்தன. இரண்டு மாற்றம் செய்தோம். விறைத்துத் திரும்பி வந்தால் உடனே கறி இல்லை. மூன்று நான்கு அடி தளர்வாக நடந்த பிறகுதான். அதைவிட முக்கியமானது, ஓடுவதற்கு முன்பே கொடுப்பது. ஜிம்மி ஓடப்போகிறது என்பதை அதன் காது சொல்லிவிடும். காது முன்னே குவியும், தோள் ஒரு விரற்கடை முன்னேறும். அதற்கு முன் அடியிலேயே சபாஷ். முதலில் இரண்டு அடிக்கு ஒன்று, பிறகு நான்கு, பிறகு மூன்று, ஏழு, இரண்டு, பத்து என்று ஒழுங்கில்லாமல். எப்போது வரும் என்று தெரியாததால் நாய் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும். எப்போதாவது பலிக்கும் தூண்டிலின் அதே கணக்கு, இந்த முறை நமக்கு உதவுகிறது.

மூன்றாவது மின்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. தெருவின் நாய்கள் எல்லாம் கையெழுத்துப் போடும் இடம். அந்த மரத்தின் முன் கோழிக்கறிக்கு மதிப்பே இல்லை. கறியை வைத்து மரத்தோடு போட்டி போட்டால் தோற்றுத்தான் போவோம். ஆகவே மரத்தையே கூலியாக்கினோம். விலங்கு மிகவும் விரும்பிச் செய்யும் ஒரு காரியத்தை, அது அவ்வளவாக விரும்பாத காரியத்துக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்பதை டேவிட் பிரீமாக் 1959இல் எழுதினார். “இந்தக் கீரையைச் சாப்பிடு, அப்புறம் விளையாடப் போ” என்று நம் அம்மாக்கள் எப்போதும் செய்துவருவதுதான் அது. மரத்துக்குப் பத்தடி முன்னாலிருந்து கொக்கி தொங்கினால் நடை, நிமிர்ந்தால் நின்றுவிட்டு இரண்டு அடி பின்வாங்கல். கொக்கி தொங்கியபடியே மரத்தை எட்டினால் “போ, மோந்துக்க” என்று கயிற்றை முழுதாக விட்டு, அரை நிமிடம் ஆசை தீர மோப்பம் பிடிக்க விடுவார். முதல் நாள் அந்தப் பத்தடியைக் கடக்க ஏழு முறை பின்வாங்க வேண்டியிருந்தது. ஐந்தாறு நாளில், மரம் கண்ணில் பட்டதும் ஜிம்மி வேகத்தைக் குறைத்து அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையைக் கண்டு அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

நாய்க்கு வாக்கிங் என்பதே மோப்பம்தான். வாசனை பிடிக்க விடாமல் ராணுவ வீரனைப் போலப் பக்கத்திலேயே நடக்க வைப்பது நம் நோக்கம் அல்ல. 6 அடிக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கட்டும், முன்னாலும் போகட்டும். கயிறு விறைக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி.

இடையில் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல் மறுபடி வந்தது. மகனுக்கு அவசரம், நின்று நின்று போக நேரமில்லை. குற்றம் சொல்லிப் பயனில்லை, எல்லா வீட்டிலும் அவசர நாள் உண்டு. அதற்குத்தான் ஹார்னஸில் இரண்டு வளையம். கயிறு நெஞ்சு வளையத்தில் இருந்தால் பாடம், விதி உண்டு. முதுகு வளையத்தில் இருந்தால் விடுமுறை, இழுத்தாலும் பரவாயில்லை. நாய்கள் இந்த வித்தியாசத்தை நம்மைவிடச் சுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். கயிறு உடம்பில் எந்த இடத்தில் இழுக்கிறது என்பது அவற்றுக்கு ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. பாடத்தின் நடுவே விதியைத் தளர்த்துவது மட்டும் கூடாது. பொறுமை போய்விட்டால் குனிந்து கொக்கியைக் கழற்றி முதுகில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்துவிடலாம்.

நான்காம் வாரம் ஒருநாள் ஜிம்மி முன் எப்போதும் இல்லாத அளவுக்கு இழுத்தது, குரைத்தது, அக்காவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. இதுவும் வரக்கூடியதுதான். இத்தனை நாள் பலித்த ஒன்று பலிக்காமல் போனால், கைவிடுவதற்கு முன் விலங்கு அதை இன்னும் பலமாக ஒருமுறை செய்து பார்க்கும். டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் பொத்தானை நாம் இன்னும் அழுத்தி அமுக்குகிறோம் இல்லையா, அது போல. அன்று மட்டும் விட்டுக்கொடுத்தால், பலமாக இழுத்தால்தான் பலிக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அக்கா விடவில்லை. இரண்டு மூன்று நாளில் அது தணிந்தது.

ஏழாவது வாரத்தில் ஜிம்மி தெருமுனைவரை கொக்கி தொங்கப் போய்த் திரும்பியது. கறிக்கடை வாசலில் இன்றும் கயிறு விறைக்கிறது. அந்த இடத்தில் அக்கா எதிர்ப்பக்கம் நடக்கிறார். கறித் துண்டும் அடியோடு நிற்கவில்லை. ஒரு நடைக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு, மிச்சமெல்லாம் மோப்பம். ஒருநாளும் அதைச் சுத்தமாக நிறுத்திவிடச் சொல்ல மாட்டேன்.

இந்த முறை பலிக்காத இடங்களும் உண்டு. முதலாவது பயம். வீட்டை நோக்கி மட்டும் இழுக்கும் நாய், வாலை இடுக்கிக்கொண்டு, காதை ஒட்டவைத்து, திரும்பித் திரும்பிப் பார்த்து இழுக்கும் நாய், எதையும் அடைய இழுக்கவில்லை, தப்பிக்க இழுக்கிறது. அங்கே மரம் போல நின்றால் பயந்த பிள்ளையைப் பயந்த இடத்திலேயே கட்டிப்போட்டதாகும். தெருநாய்க் கூட்டம் எதிரே வந்தாலும் பாடத்தை மறந்துவிடுங்கள். எதிர்ப்பக்கம் கடந்து, நிற்கும் ஒரு வேனுக்குப் பின்னால் போய், கைப்பிடிக் கறியைத் தரையில் தூவித் தேட விட்டு, அவை போகும்வரை காத்திருந்து கிளம்புங்கள். சில நேரம் காரணம் காலடியில் இருக்கும். கோடையில் தார் ரோடு சுட்டால் நாய் நிழலுக்கும் புல்லுக்கும் இழுக்கத்தான் செய்யும். புறங்கையை ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. ஒழுங்காக நடந்த நாய் திடீரென்று இழுக்கவோ பின்தங்கவோ தொடங்கினால், மூட்டு வலியா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த நாய்களின் தலை கழுத்தைவிடக் குறுகலானது. பின்வாங்கி ஒரு உதறு உதறினால் பட்டை தலைவழியே உருவி வந்துவிடும். அவற்றின் ஒடுங்கிய இடுப்புக்குச் சாதாரண ஹார்னஸும் உருவும். வயிற்றுப் பக்கம் கூடுதலாக ஒரு வார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, உங்கள் நாயைக் காலையில் யார் நடத்துகிறார்கள்? பல வீடுகளில் அது வாட்ச்மேனோ, மாதச் சம்பளத்துக்கு வரும் ஒரு பையனோதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீங்கள் கறித் துண்டோடு பழக்கினால், மற்ற ஆறு நாளும் அந்தப் பையனிடம்தான் அது பாடம் படிக்கும். அவரை ஒருநாள் பத்து நிமிடம் உங்களோடு நடக்கச் சொல்லி, கொக்கியைக் காட்டி, கறித் துண்டு டப்பாவையும் கையில் கொடுத்துவிடுங்கள். இன்னும் பழகாத நாய் என்றால், பழகும்வரை அவர் மாட்ட வேண்டியது முதுகு வளையத்தில்.